இயங்கலை என்றால் ஓடுகிறதா, ஓடவில்லையா?

வாட்ஸ்அப் வைத்திருக்கும் தமிழர்களில் அந்தப் பட்டியல் கைக்கு வந்து சேராதவர்கள் குறைவு. மேலே ‘தமிழில் பழகுவோம்’ என்பதுபோல ஒரு தலைப்பு. கீழே வரிசையாகச் சொற்கள்: வாட்ஸ்அப் – புலனம், ஃபேஸ்புக் – முகநூல், யூடியூப் – வலையொளி, இன்ஸ்டாகிராம் – படவரி, வைஃபை – அருகலை, புளூடூத் – ஊடலை, சிம்கார்டு – செறிவட்டை, சார்ஜர் – மின்னூக்கி, சிசிடிவி – மறைகாணி, ஸ்கேனர் – வருடி, மீம் – போன்மி. இப்படி முப்பது நாற்பது. யார் ஆக்கிய சொற்கள், எந்த ஊரில் புழங்குகின்றன என்ற விவரம் எதுவும் இருக்காது. பெறுகிறவர் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார். கையோடு மகனைக் கூப்பிட்டு, “வைஃபை பாஸ்வேர்டு என்னடா?” என்று கேட்பார்.

அவரைக் கேலி செய்து பயனில்லை. அவர் பட்டியலை ரசித்தது உண்மை. ரசித்த சொல்லை வாயில் போட்டுப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பட்டியலில் உள்ள சொற்களில் ‘முகநூல்’ பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நன்றாகவே ஊன்றிவிட்டது. ‘புலனம்’ ஊன்றவில்லை. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே ஆர்வத்தோடு பரப்பப்பட்டவைதான். ஒன்று ஏறி மற்றொன்று ஏறாததற்குத் தமிழ்ப் பற்று கூடியதோ குறைந்ததோ காரணமில்லை. சொல்லுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பட்டியலின் நடுவில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

அது ‘அலை’க் குடும்பம். கம்பியில்லாமல் அலைவழியே நடக்கிற காரியங்களுக்கெல்லாம் ‘அலை’ என்று முடிகிற சொல் வைத்திருக்கிறார்கள். அருகில் மட்டும் கிடைப்பதால் வைஃபைக்கு அருகலை. பிறரோடு பகிர்வதால் ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை. ஊடே செல்வதால் புளூடூத்துக்கு ஊடலை. ஆன்லைனுக்கு இயங்கலை, ஆஃப்லைனுக்கு முடக்கலை. ஸ்கைப்புக்குக் காயலை என்றுகூட இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் நேர்த்தியான வேலை. ஒரே ஈறு, ஒரே அமைப்பு. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதை ஊகிக்கலாம். சொல்லாக்கப் பயிற்சி வகுப்பில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

இப்போது இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். “துணி இன்னும் காயலை.” “லிஃப்ட் இயங்கலை.” “அந்தப் படத்தை நான் யாருக்கும் பகிரலை.” “பேங்க்காரங்க கணக்கை இன்னும் முடக்கலை.” எழுத்தில் ‘இயங்கவில்லை’ என்று வருவது பேச்சில் ‘இயங்கலை’ என்று சுருங்கிவிடும். தமிழ்நாட்டில் ஒருவர் ஒரு நாளில் இந்த ‘-லை’ ஈற்றை எத்தனையோ முறை சொல்கிறார்; வரலை, தெரியலை, சாப்பிடலை, தூங்கலை என்று. ஆகவே ‘நான் இப்போது இயங்கலை’ என்று ஒருவர் செய்தி அனுப்பினால், ஆன்லைனில் இருக்கிறேன் என்பதற்கு நேர்மாறான பொருளில்தான் அது போய்ச் சேரும். ‘முடக்கலை’யோ இன்னும் ஒரு படி மேல். ஆஃப்லைன் என்று சொல்ல வந்த சொல், ‘முடக்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது’ என்று காதில் விழுகிறது. ஆன்லைனும் ஆஃப்லைனும் இடம் மாறிவிட்டன.

ஊடலைக்கு வேறு தலைவலி. பள்ளியில் அகத்திணை படித்த எவருக்கும் அது ‘ஊடல்’ என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்த வடிவம். தலைவியின் ஊடலைத் தீர்க்கத் தலைவன் வருகிற இடம்தான் நினைவுக்கு வரும். காரில் பாட்டுப் போட ‘ஊடலை இணை’ என்றால் சிரிப்பை அடக்கவேண்டியிருக்கும்.

உருபு சேர்த்துவிட்டால் இந்த மயக்கம் தீர்ந்துவிடுமே என்று சொல்லலாம். உண்மைதான், ‘இயங்கலையில் விண்ணப்பிக்கவும்’ என்றால் குழப்பமில்லை. ஆனால் புதுச்சொல் எப்போதும் உருபோடு வராது. கடைப் பலகையில், பொத்தானில், தலைப்பில் அது தனியாகத்தான் நிற்கும். ‘இயங்கலை வகுப்பு’ என்று எழுதி ஒட்டிய பள்ளிக்கூட வாசலில், வகுப்பு இல்லை போலிருக்கிறது என்று பெற்றோர் திரும்பிப் போனால் அவர்கள்மீது தவறில்லை.

இதே ஆன்லைன் என்ற கருத்துக்குத் தமிழ் வேறொரு வழியில் சொல் கண்டுபிடித்தது கவனிக்க வேண்டிய விஷயம். 2020இல் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டிலிருந்து நடந்த வகுப்புகளைப் பத்திரிகைகள் ‘இணையவழி வகுப்புகள்’ என்று எழுதின. அரசு அறிவிப்புகளும் அப்படியே வந்தன. ‘இணையவழியில் விண்ணப்பிக்கலாம்’ என்பது இன்று வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் சாதாரணமான வரி. இதில் புதிதாக ஆக்கியது எதுவுமே இல்லை. இணையம் முன்பே இருந்தது. ‘வழி’ தரைவழி, வான்வழி, கடல்வழி என்று பழகிய ஈறு. இரண்டையும் ஒட்டியதும் விளக்கம் கேட்காமலே எல்லாருக்கும் புரிந்தது. அதைவிட அழகு எதிர்ச்சொல்லில் இருந்தது. ஆஃப்லைன் வகுப்புக்கு யாரும் மண்டையைக் குடைந்து சொல் தேடவில்லை. ‘நேரடி வகுப்பு’ என்றார்கள், முடிந்தது. எதிர்மறையைக் கலைச்சொல்லாக்க வேண்டிய தேவையே எழவில்லை, ஏனெனில் தமிழில் ‘நேரில்’ என்ற சொல் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

பட்டியல் போடுகிறவர் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். ஆன் என்றால் இயக்கம், ஆஃப் என்றால் முடக்கம் என்று ஆங்கிலத்தின் உறுப்புகளுக்குத் தமிழ் உறுப்பு தேடுகிறார். இணையவழியும் நேரடியும் அப்படிப் பிறந்தவை அல்ல. வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொன்னவை.

மறைகாணி என்ற சொல்லில் இந்தக் கோளாறு இன்னும் தெளிவாகத் தெரியும். சிசிடிவி மறைந்திருந்து காண்கிறது என்று நினைத்து ஆக்கியிருக்கிறார்கள். தெருவில் போய்ப் பார்த்தால் கேமரா மறைந்திருப்பதில்லை. நகைக்கடை வாசலில் தலைக்கு மேலே தொங்குகிறது. ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று பலகை வேறு. அது மறையாமல் இருப்பதில்தான் அதன் பயனே இருக்கிறது. அடுத்து, ‘காணி’ என்பது நிலம். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவதும் விற்பதும் காணிச் சண்டை போடுவதும் அன்றாடப் பேச்சு. அங்கே ஒருவருக்கு மறைகாணி என்றால் ஒளித்துவைத்த நிலம் என்றே படும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் காவல்துறைச் செய்திகளும் இதற்கு என்ன எழுதுகின்றன? ‘கண்காணிப்பு கேமரா.’ பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தூயதமிழ் அன்பர்களுக்கு இது அரைகுறையாகத் தோன்றலாம். ஆனால் எந்தப் பாதி தமிழாகியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். கேமரா எல்லாருக்கும் தெரிந்த பொருள், அதைத் தொடவில்லை. இந்தக் கேமரா என்ன செய்கிறது என்பதுதான் புதிது. அந்தப் பாதியைத் தமிழ் எடுத்துக்கொண்டது.

ஸ்கேனர் விஷயத்தில் நடந்தது வேறு. ‘வருடி’ நல்ல சொல். காகிதத்தின்மேல் ஒளி மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்தவர் யாரும் அது வருடுகிறது என்று ஒப்புக்கொள்வார். குறையே இல்லாத ஆக்கம். ஆனால் வருடி வந்து சேர்வதற்குள் ஆங்கிலச் சொல் இடம்பெயர்ந்துவிட்டது. இன்று டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கவேண்டியவர், “ஸ்கேனர் எங்கண்ணே?” என்று கேட்கிறார். அவர் கேட்பது கருவியை அல்ல. சுவரில் ஒட்டியிருக்கிற, கட்டம் கட்டமான அந்த அட்டையை. வருடுகிற கருவி அவருடைய கையில் இருக்கிற போன். வருடப்படுகிற அட்டைக்கு ஸ்கேனர் என்று பெயர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். இது இப்போது தமிழ்ச் சொல், தமிழ்ப் பொருள். வருடி இந்த இடத்தில் போய் உட்கார முடியாது, ஏனென்றால் அட்டை எதையும் வருடுவதில்லை. ஆங்கில வேருக்கு மாற்றுச் சொல் செய்தவர்கள் தெருவில் அந்தச் சொல் எங்கே போய்விட்டது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, ஒரு சொல்லை ஆக்கித்தான் பார்ப்போமே. பழகிய ஒன்று: ஸ்கிரீன்ஷாட்.

முதல் வேலை, மக்கள் அந்தச் சொல்லை எந்த வினையோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்பது. “பணம் போட்டுட்டேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறேன்.” வினை ‘எடு’. தமிழில் போட்டோவும் எடுக்கப்படுகிறது, ஜெராக்ஸும் எடுக்கப்படுகிறது, ஸ்கேனும் எடுக்கப்படுகிறது. ஆகவே ‘எடு’வோடு ஒட்டுகிற பெயர்ச்சொல் வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பட்டியல் தருகிற ‘திரைப்பிடிப்பு’ தள்ளாடுகிறது. ‘திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பு’ என்றால் பிடிப்பும் எடுப்பும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ‘படம் பிடி’ என்ற பழைய வழக்கு உண்டு. ஆனால் இன்று போன் வைத்திருக்கிற பிள்ளைகள் பிடிப்பதில்லை, எடுக்கிறார்கள்.

இரண்டாவது, இயல்பாகத் தோன்றுகிற சொல் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. திரையை எடுத்த படம் என்பதால் ‘திரைப்படம்’ என்பதே முதலில் நாவில் வரும். அந்த வீட்டில் சினிமா குடியேறி எவ்வளவோ காலமாகிவிட்டது. ‘திரைக்காட்சி’யும் அப்படியே, அது திரையரங்கில் ஓடுவது. சொல்லாக்கத்தில் அடிக்கடி நேரும் இழப்பு இது. நல்ல கூட்டுச்சொற்களில் பலவற்றை முந்தைய தலைமுறை வேறொரு கருவிக்குக் கொடுத்துவிட்டது.

மூன்றாவதாக ‘திரைநகல்’. சொல்லிப் பார்த்தால் சுகமாக இருக்கிறது. “திரைநகல் எடுத்து அனுப்பு.” ‘நகல் எடுக்கப்படும்’ என்ற பலகை தாலுகா ஆபீஸ் வாசலில் வரிசையாக இருக்கிறது; ‘அசல், நகல் இரண்டையும் கொண்டு வரவும்’ என்று சொல்லாத அலுவலகம் இல்லை. எனவே வினை தயார், பொருள் தயார், சொல் சின்னது. ‘திரைநகலில் தேதி தெரியலை’, ‘திரைநகலை அழிச்சுட்டேன்’ என்று உருபும் தடையில்லாமல் ஏறுகிறது.

இங்கேதான் தூயதமிழ்க்காரர் கையைத் தூக்குவார். நகல் தமிழ் இல்லை. அரபு மொழியில் பிறந்து உருது வழியே நிர்வாகத் தமிழுக்குள் வந்த சொல். அசலும் அப்படித்தான், தாலுகாவும் அப்படித்தான். அப்படியென்றால் தூயதமிழில் நகலுக்கு என்ன? ‘படி’. கையெழுத்துப் படி, அச்சுப் படி என்று பழைய நல்ல சொல். ஆனால் ‘திரைப்படி’ என்றால் அது மாடிப்படியின் உறவு மாதிரி ஒலிக்கிறது. ‘படி எடு’ என்று இன்று வீட்டில் சொன்னால் அரிசி அளக்கிற படியைத்தான் எடுத்து வருவார்கள்.

ஆகவே முடிவு இரண்டில் ஒன்று. தூய்மைக்கு முதல் இடம் என்றால் திரைப்படி. மக்கள் எடுத்துக்கொள்வார்களா என்பதற்கு முதல் இடம் என்றால் திரைநகல். இந்தக் கட்டுரையின் ஓட்டு திரைநகலுக்கே. ஸ்கிரீன்ஷாட் என்ற சொல்லை அது உடனே விரட்டிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வங்கிச் செயலியோ அரசு அறிவிப்போ ‘பணம் செலுத்தியதற்கான திரைநகலைப் பதிவேற்றவும்’ என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுப் பையனிடம் விளக்கம் கேட்கப் போகமாட்டார்கள்.

எது தூயது என்ற கோடே நகர்ந்துகொண்டுதான் வந்திருக்கிறது. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கத்துக்கு 1916ஆம் ஆண்டைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதே 1916இல் சேலத்தில் ராஜாஜி உள்ளிட்டோர் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். அவர்கள் அதைத் தமிழென்றே நினைத்தார்கள். தனித்தமிழ்க் கண்ணில் அந்தப் பெயரில் தமிழ் பாதிகூட இல்லை. அன்று விலக்க நினைத்தது வடமொழியை, இன்று ஆங்கிலத்தை. ‘விஞ்ஞானம்’ தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘அறிவியல்’ ஆகிவிட்டது. இலங்கைப் பள்ளியில் இன்றும் விஞ்ஞானப் பாடம்தான். அங்குள்ள மாணவருக்கு அது அயல்மொழியாகப் படுவதில்லை.

சொல் நன்றாக அமைந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அது உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும். 2011இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அரசாணையிலும் பத்திரிகையிலும் அது ‘விலையில்லா மடிக்கணினி’. அதற்கு முன்பு மடிக்கணினி என்ற சொல் கணித்தமிழ் ஆர்வலர்கள் வட்டத்துக்கு வெளியே அதிகம் போனதில்லை. திட்டம் வந்த பிறகு கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்தது. பேத்தி லேப்டாப் என்றுதான் சொல்வாள். ஆனால் செய்தியில் மடிக்கணினி என்று கேட்டால் இருவருக்கும் விளங்கும். பஸ்ஸும் பேருந்தும் இப்படித்தான் பிரிந்து வாழ்கின்றன. வாய்க்கு ஒன்று, பலகைக்கு ஒன்று. சொல்லாக்கத்தின் வெற்றி என்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் இருக்கைதான். அதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது.

அதே காலத்தில் அதே அரசு கொடுத்த இன்னொரு திட்டத்தின் பெயரையும் நினைத்துப் பார்க்கலாம்: ‘விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி.’ மூன்று பொருள், ஒரே அரசு, ஒரே வரி. ஃபேனுக்கு மின்விசிறி என்று தமிழ் வந்தது. மிக்சியும் கிரைண்டரும் அப்படியே நின்றுவிட்டன. விசிறி என்ற பொருள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது, முன்னால் ‘மின்’ சேர்த்தால் போதும். கிரைண்டருக்கும் ஆட்டுக்கல் இருந்ததே என்று கேட்கலாம். ஆனால் மின் ஆட்டுக்கல் என்று எவரும் சொல்லிப் பழகவில்லை. கிரைண்டர் வந்ததே ஆட்டுக்கல்லை விட்டு விடுபடத்தான். அந்தப் பெயரையும் ஏன் சுமப்பானேன் என்று சமையலறை தீர்மானித்திருக்கலாம்.

இன்னொரு வாசல் போன் திரை. ஆண்ட்ராய்டு போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் ‘அமைப்புகள்’, ‘அறிவிப்புகள்’, ‘சேமிப்பகம்’ என்று வருகின்றன. கூடவே ‘வைஃபை’, ‘புளூடூத்’, ‘பேட்டரி’ என்றும் வருகின்றன. மொழிபெயர்த்தவர்கள் சோம்பலால் விட்டவை அல்ல இவை. மனிதர் செய்கிற காரியத்தின் பெயர் தமிழானது. கருவியின் உறுப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிய பெயர் ஆங்கில ஒலியிலேயே நின்றது. பேட்டரிக்குப் பள்ளிப் புத்தகத்தில் மின்கலம் என்ற சொல் உண்டு. எனினும் “பேட்டரி நிக்கலை” என்று சொல்கிற ஒருவர் திரையில் மின்கலத்தைத் தேடமாட்டார் என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பு சரியே.

செய்தித்தாள் மூன்றாவது வாசல். ‘காணொலி வாயிலாக முதல்வர் திறந்துவைத்தார்’ என்ற வரி இல்லாத வாரம் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை, அது காணொலியா காணொளியா என்பது இன்னும் தீரவில்லை. காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்பவர்கள் லகரம் போடுகிறார்கள். ஒளியால் ஆனது என்பவர்கள் ளகரம் போடுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் வழக்கு தீராததால் சொல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை. எந்த எழுத்தைப் போட்டாலும் படிப்பவருக்கு வீடியோ என்றே புரிகிறது. இலங்கையில் கணினியைக் ‘கணணி’ என்று எழுதுவோர் உண்டு. அதனாலும் எதுவும் கெடவில்லை.

கெடுவது, வேறுவேறு சொற்கள் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடும்போது. மொபைல் போனுக்குக் கைப்பேசி, அலைபேசி, செல்பேசி, செல்லிடப்பேசி, கையடக்கத் தொலைபேசி. சிங்கப்பூர்த் தமிழர்கள் கைப்பேசியில் நிலைத்துவிட்டார்கள், இலங்கைச் செய்திகளில் கையடக்கத் தொலைபேசி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒன்று. இவற்றில் செல்லிடப்பேசி தனித் திறமை உள்ள சொல்: செல்லும் இடமெல்லாம் பேச உதவுவது, ‘செல்’ என்ற ஆங்கில ஒலியும் உள்ளே ஒளிந்திருக்கிறது. புத்திசாலித்தனம்தான்; ஆனால் விளக்கினால்தான் ரசிக்கமுடியும். ஐந்து தமிழ்ச் சொற்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருக்க, போன் என்ற ஒற்றைச் சொல் நிம்மதியாக உலவுகிறது.

இனி முகநூலும் புலனமும். முகநூல், பெயரை உறுப்பு உறுப்பாக மாற்றியது. முகம், நூல் இரண்டும் குழந்தைக்கும் தெரிந்தவை. கேட்டவுடன் எந்த நிறுவனம் என்று ஊகிக்கமுடியும். ‘முகநூல் போராளி’ என்று கிண்டல் செய்யத் தொடங்கியபோதே அது நிலைத்துவிட்டது எனலாம். ஒட்டாத சொல்லைக் கொண்டு யாரும் கேலி பேசுவதில்லை. புலனத்துக்கு இந்த வசதி இல்லை. வாட்ஸ்அப்புக்கும் புலனுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் சொல்லித்தரவேண்டும். சொல்லித்தந்தாலும் திரையில் பச்சைப் படத்தின் கீழே வேறு பெயர்தான் இருக்கிறது.

நிறுவனப் பெயரை மொழிபெயர்ப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ட்விட்டருக்குக் கீச்சகம், ட்வீட்டுக்குக் கீச்சு, எழுதுபவர் கீச்சர் என்று ஒரு முழுக் குடும்பமே இருந்தது. குருவியின் ஒலியை அப்படியே பிடித்த, உண்மையிலேயே இனிய சொற்கள். 2023 ஜூலையில் உரிமையாளர் கடையின் பெயரை எக்ஸ் என்று மாற்றினார், குருவியும் பறந்துவிட்டது. கீச்சகத்தின் கீழிருந்த தரை நழுவிவிட்டது. கணினி, இணையம், மின்னஞ்சல், செயலி போன்றவற்றுக்கு இந்தக் கதி நேராது, ஏனென்றால் அவை எந்த முதலாளியின் பெயரும் அல்ல.

செயலி ஒரு சுவையான வழக்கு. தொடக்கத்தில் அது பிராசஸருக்கு ஆக்கப்பட்ட சொல். நுண்செயலி, சொற்செயலி என்ற கூட்டுகளில் அந்தப் பொருள் இன்றும் உண்டு. பிறகு போனில் ஆப் வந்தது. ஆப்புக்குத் தமிழில் ‘ஆப்பு’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த செயலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2020இல் ‘ஆரோக்கிய சேது செயலியைப் பதிவிறக்கவும்’ என்று ஊரெல்லாம் சொன்னபோது யாரும் பிராசஸரை நினைக்கவில்லை. ஆக்கியவர் நினைத்த பொருளில் தோற்று, நினைக்காத பொருளில் வென்ற சொல்.

பட்டியலிலிருந்து இன்னும் ஒரு சொல்லுக்குத் திரும்பலாம், ஏனெனில் அதன் தலையெழுத்து இன்னும் எழுதப்படவில்லை. சார்ஜருக்கு ‘மின்னூக்கி’ என்கிறது பட்டியல். ஊக்கி என்றால் தூண்டுவது, வேகம் கூட்டுவது. வேதியியலில் வினையூக்கி உண்டு. சார்ஜர் எதையும் தூண்டுவதில்லை; காலியான பேட்டரிக்குள் மின்சாரத்தை ஏற்றுகிறது. இயற்பியல் பாடத்தில் தமிழ்நாட்டு மாணவர் சார்ஜுக்கு மின்னூட்டம் என்று படிக்கிறார். அப்படியானால் ‘மின்னூட்டி’யாவது பொருந்தும். ஆனால் வீட்டில் கேட்கிற பேச்சு வேறு: “சார்ஜ் ஏத்து.” “சார்ஜ் ஏறுதா பாரு.” “ராத்திரி பூரா போட்டும் ஏறலை.” பெயர்ச்சொல் ஆங்கிலம், வினை சுத்தத் தமிழ், அதுவும் ஒரே வினை: ஏறு, ஏற்று. இலங்கைப் பாடநூல்களில் சார்ஜுக்கு ஏற்றம் என்பதே கலைச்சொல். ஆகவே ‘மின்னேற்றி’ என்றால் கருவிக்குப் பெயராயிற்று. அது செய்யும் வேலை மின்னேற்றம். வண்டியை நிறுத்திச் செய்கிற இடம் மின்னேற்று நிலையம். ஒரே வேரில் மூன்றும் கிடைக்கின்றன, மூன்றும் வாயில் ஏற்கெனவே இருக்கிற ‘ஏத்து’வின் பிள்ளைகள்.

போன் சார்ஜருக்கு இது பிந்திவிட்டது. சார்ஜர் என்ற சொல் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். மின்சார வண்டி அப்படி இல்லை. பெட்ரோல் பங்கின் ஓரத்திலும் நெடுஞ்சாலை உணவகத்தின் வாசலிலும் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக நடப்படுகின்றன. பல இடங்களில் பலகையில் ஒரு பிளக் படமும் மின்னல் கோடும் மட்டும் இருக்கின்றன. கீழே தமிழில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள்.